பொழுதோட நோம்பிக்கு

தஞ்சை ஜில்லாவில் பிறந்து, கும்பகோணத்திலேயே படித்து, அங்கேயே உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்ட என் நண்பர் ஒருவருக்குத் தமிழ்நாட்டுக் குடைவரைக் கோயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அறுபது வயதுக்குமேல் வந்து சேர்ந்தது. ஒரு ஆனி மாதக் கடைசியில் அவர் நாமக்கல்லுக்குப் பிரயாணமானார். ஊர் நடுவே ஒரே கல்லாக எழுந்து நிற்கும் அந்த மலையின் ஒருபுறம் நரசிம்மரையும் மறுபுறம் அரங்கநாதரையும், கூரையில்லாமல் வெயிலையும் மழையையும் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயரையும் ஆற அமரத் தரிசித்தார். காவிரியையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் போவோம் என்று பரமத்தி வேலூருக்கு பஸ் ஏறினார். இந்தக் கதை அந்த பஸ்ஸில்தான் ஆரம்பிக்கிறது. அவர் என்னிடம் சொன்னதை நான் என் போக்கில் எழுதுகிறேன். அங்கங்கே கொஞ்சம் மெருகு ஏறியிருந்தால் அதற்கு அவர் பொறுப்பல்ல.

பக்கத்து ஆசனத்தில் ஒரு பெரியவர். வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். நண்பரோ கும்பகோணம் வெற்றிலையில் ஊறிய வாய்க்காரர். ஆகவே சம்பாஷணைக்கு விஷயம் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. கொடி படர அகத்தியை எப்போது விதைப்பது, ஈரம் காயாமலும் தண்ணீர் தேங்காமலும் கொடிக்காலை எப்படிக் காப்பது, வாடல் நோய் விழுந்தால் ஒரு வரிசையோடு நிற்காமல் தோட்டத்தையே எப்படிக் கொண்டுபோய்விடும் என்றெல்லாம் பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும் இடம் நெருங்கியபோது, இவ்வளவு நேரம் பேசிய மனிதரை வெறுமனே விட்டுப் போகக்கூடாது என்ற அந்தச் சீமைக்கே உரிய மரியாதையோடு, இப்படிச் சொன்னார்:

“நாளைக்கி தலையாடி நோம்பிங்க. பொழுதோட நம்ம ஊட்டுக்கு வந்துருங்க. வாய்க்கா மேட்டுல எறங்கி, கொடிக்காக்காரரு ஊடுன்னா யாரும் காட்டுவாங்க.”

இந்த அழைப்பில் இருந்த ஒவ்வொரு சொல்லும் நண்பருக்குத் தெரிந்த சொல். முழுக்கப் புரியாத சொல்லாக இருந்தால் மனிதன் கேட்டுத் தெரிந்துகொள்வான். தன் ஊரிலும் புழங்குகிற சொல் என்றால் கேட்கவேண்டும் என்ற எண்ணமே உதிப்பதில்லை. தலையாடி என்பது ஆடி முதல் தேதி என்று அவர் ஊகித்தது சரி. நோம்பி என்பது நோன்பு என்ற சொல்லின் கொச்சை என்று கண்டதும் சரியே. ஆனால் அவர் அறிந்த நோன்புகளெல்லாம் காரடையான் நோன்பு, வரலட்சுமி நோன்பு, அண்டை வீட்டு இஸ்லாமிய நண்பர்களின் ரம்ஜான் நோன்பு ஆகியவைதாம். விரதமில்லாத நோன்பு ஒன்று உலகத்தில் உண்டு என்பது அவர் கேள்விப்படாத சங்கதி. ‘பொழுதோட’ என்பதிலோ அவருக்குச் சந்தேகத்தின் நிழல்கூட விழவில்லை. “இருட்டுவதற்குள் பொழுதோடு வீடு வந்து சேர்” என்று தாயார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். தாமதமில்லாமல், வேளையோடு வரச் சொல்கிறார் பெரியவர்; விரத தினமாதலால் காலை பூஜையிலேயே கலந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று தீர்மானித்தார். ஊரோடு ஒத்து வாழ் என்பது அவருடைய கொள்கை. ஆகையால் அன்றிரவு வேலூரில் ஒரு மெஸ்ஸில் தயிர்ச் சாதம் சாப்பிட்டதோடு ஆகாரத்தை நிறுத்தி, மறுநாள் காலைக் காபியையும் தியாகம் செய்துவிட்டு முதல் பஸ்ஸில் புறப்பட்டார். கும்பகோணத்துக்காரர் காலைக் காபியைத் தியாகம் செய்வது என்பது எத்தகைய காரியம் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாய்க்கால் மேட்டில் இறங்கி விசாரித்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த அம்மாள், பெரியவரின் மனைவி, குரல் கேட்டு நிமிர்ந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க, வாங்க. சொன்னாருங்க. என்னுங்க, இவ்வளவு நேரமே வந்துட்டீங்க?”

கொங்குச் சீமையில் ‘நேரமே’ என்றால் சீக்கிரமாக, முன்கூட்டியே என்று பொருள். நண்பர் காதிலோ ‘இவ்வளவு நேரம்’ என்பது மட்டுமே விழுந்தது. தாமதமாகிவிட்டது என்று அம்மாள் குறைப்படுகிறார் என நினைத்து, “மன்னிக்க வேண்டும் அம்மா, முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான்” என்றார். ஆறு மணிக்கு வந்தவர் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று விளங்காமல் அம்மாள் கொஞ்சம் விழித்துவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, திண்ணையில் உட்காரவைத்தார். பெரியவர் கொடிக்காலுக்குப் போயிருந்தார்.

சற்றைக்கெல்லாம், கம்பஞ்சோற்றைக் கரைத்து மோர் ஊற்றி, நாலு சின்ன வெங்காயத்தோடு அம்மாள் எடுத்துவந்தார். நண்பர் இரண்டு கைகளையும் கூப்பினார். “இன்று நோம்பு அல்லவா? மாலையில் உங்கள் எல்லோரோடும் சேர்ந்துதான் சாப்பிடுவேன்” என்றார்.

அம்மாள் இதைக் கேட்டு நாணிப்போனார். “அதுவும் செரிதானுங்க. நோம்பி நாளு அதுவுமா வந்த ஒறம்பரைக்கிப் பழசக் கொண்டாந்து நீட்டறேன் பாருங்க” என்று கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டார். பண்டிகை விருந்தைத் தவிர வேறெதுவும் தொடமாட்டேன் என்று விருந்தாளி நயமாகச் சொல்லிவிட்டதாக அவருக்கு அர்த்தமாயிற்று. விரதத்தை நினைவூட்டியதும் இந்த அம்மாள் எவ்வளவு பக்தியோடு ஒப்புக்கொண்டார் என்று இவருக்கு அர்த்தமாயிற்று. இருவரும் தத்தம் அர்த்தத்தில் பரம திருப்தி அடைந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தச் சம்பவத்தில் எனக்கு மிகவும் ரசமான பகுதி. உச்சிப்பொழுதுக்குப் பெரியவர் சேறு படிந்த காலோடு திரும்பினார். “அடடே, வந்துட்டீங்களா! சாப்டீங்களா?” என்றார். “நோம்புக்கு இருக்கிறேன்” என்றார் நண்பர். நோன்பு இருக்கிறேன் என்பது அவர் கருத்து. நோம்பி முடியும்வரை ஊரில் தங்கியிருக்கிறேன் என்பது பெரியவர் கேட்டது. “அதுக்கென்னுங்க, இருங்க, இருங்க, தாராளமா இருங்க” என்று சந்தோஷப்பட்டார் பெரியவர். பிறகு கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போனவரிடம் அம்மாள் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். விருந்தாளி திண்ணையில் ஒன்றும் உண்ணாமல் உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரன் உள்ளே இலை போட்டுச் சாப்பிடுவதா? பெரியவர் சோற்றைத் தொடவில்லை. வாய்க்காலில் மடை மாற்ற வேண்டும் என்று ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு, வந்த காலோடு மறுபடியும் தோட்டத்துக்கே போய்விட்டார். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் முறுக்கைக் கடித்துக்கொண்டு வாசலில் ஓடியதை நண்பர் பார்த்தார். குழந்தைகளுக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று சமாதானம் செய்துகொண்டார். பெரியவரோ சாப்பிடாமலே போனதையும் பார்த்தார். இத்தனை வயதிலும் எவ்வளவு கடுமையான அனுஷ்டானம் என்று வியந்தார்.

பிற்பகலில் அந்த வீட்டின் புது மருமகன் மனைவியோடு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். தலையாடிக்குப் புதுமணத் தம்பதிகளைப் பெண் வீட்டுக்கு அழைப்பது அங்கே வழக்கம். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வட தேசமெல்லாம் ஆழ்குழாய்க் கிணறு தோண்டிச் சுற்றிய இளைஞன் அவன். பெரியவரும் திரும்பினார். வெயில் தாழத் தாழ, அதுவரை உறங்கியதுபோல் கிடந்த தெரு முழுவதும் விழித்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு வாசலில் தேங்காய்கள் உருண்டன.

தேங்காய் சுடுவது என்னும் இந்த வழக்கத்தைச் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கத்தார் அறிவார்கள்; மற்றவர்களுக்காகச் சற்று விஸ்தாரமாகச் சொல்லிவிடுகிறேன். பாரத யுத்தம் ஆடி முதல் தேதி தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்தது என்றும், தர்மம் ஜெயிக்க வேண்டும் என்று முதல் நாளில் தேங்காய் சுட்டுச் சாமிக்குப் படைத்தார்கள் என்றும் ஐதிகம். மிகவும் முற்றியதாகவோ இளசாகவோ இல்லாத தேங்காயாகத் தேர்ந்தெடுத்து, குடுமி உட்பட நார் முழுவதையும் உரித்து, மேலோட்டைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். நார் மிச்சமிருந்தால் தீ அங்கேதான் முதலில் பற்றிக்கொண்டு ஓட்டை ஒருபுறமாகக் கருக்கிவிடும். மூன்று கண்களில் மெதுவாக இருக்கும் ஒரு கண்ணைத் துளைத்து, தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொண்டு, வறுத்த பாசிப்பருப்பு, அவல், எள், பொட்டுக்கடலை, தட்டிய வெல்லம், வாசனைக்குக் கொஞ்சம் ஏலக்காய் எல்லாவற்றையும் கலந்து, அந்தச் சிறு துவாரத்தின் வழியே விரலாலும் குச்சியாலும் தள்ளித் தள்ளிச் செலுத்துகிறார்கள். பிறகு வடித்த தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்ப ஊற்றுகிறார்கள். இதில்தான் கைத்திறன் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் பருப்பு வேகாமல் பல்லில் கடிபடும். அதிகமானால் உள்ளே இருப்பது பூரணமாகாமல் கஞ்சியாகிவிடும். அவலும் பருப்பும் ஊறி உப்ப இடம் வேண்டுமாதலால் கழுத்துவரை அடைப்பதும் கூடாது.

கடைசியாக, நீண்ட அழிஞ்சில் குச்சி ஒன்றின் நுனியைச் சீவி அந்தத் துவாரத்தில் இறுக்கிச் செருகி, தேங்காய்க்கு மஞ்சள் பூசுகிறார்கள். குச்சி பச்சையாக இருக்க வேண்டும். காய்ந்த குச்சியென்றால் தேங்காய்க்கு முன்னால் அது எரிந்துவிடும். தேங்காய் நெருப்பில் விழுந்து சாம்பலோடு கலக்கும். இறுக்கம் போதாவிட்டால் கொதிக்கும் வெல்லப்பாகு குச்சியின் ஓரமாக ஒழுகித் தீயில் சொட்டிவிடும்.

அன்று ஆடிக் காற்று வேறு. அம்மியையே பறக்கவிடும் என்று பழமொழி பேசும் அந்தக் காற்றில் திறந்த வெளியில் தீ மூட்ட முடியாமல், ஒரு சுவரின் மறைவில் தென்னை மட்டைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். தெருவே வட்டமாகக் கூடி, ஆளுக்கொரு குச்சியை நீட்டிக்கொண்டு நின்றது. நண்பர் கையிலும் பெரியவரின் பேரன் ஒரு குச்சியைத் திணித்துவிட்டான். அவர் ஆர்வத்தோடு தேங்காயைச் சுவாலைக்கு நடுவே நீட்டினார். “அப்பிடி இல்லீங்க தாத்தா, ஓரமா வெச்சு உருட்டிக்கிட்டே இருக்கோணும். நடுவுல வெச்சா ஓடு மட்டும் கருகிப்போயி உள்ள பச்சையா கெடக்கும்” என்று அந்தப் பத்து வயதுப் பையன் கற்றுக்கொடுத்தான். மஞ்சள் பூச்சுக் கருத்து, ஓடு மினுமினுத்து, குச்சியின் வேரில் இனிப்பு நுரை கொப்புளித்து, கடைசியில் ‘பட்’டென்று ஓட்டில் ஒரு கீறல் ஓடியது. அந்தக் கீறல்தான் அடையாளம். அதற்குமேல் தீயில் வைத்தால் வெந்த பூரணத்தில் புகை வாசனை ஏறிவிடுமாம்.

பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள். கூடத்தில் வரிசையாக இலை போட்டாயிற்று. சுட்ட தேங்காயை உடைத்து, ஓட்டிலிருந்து கழன்று வந்த பருப்போடு உள்ளிருந்த பூரணத்தையும் இலைக்கு ஒரு துண்டாக வைத்தார் அம்மாள். பக்கத்தில் கச்சாயம், வடை. பிறகு சோறு, பருப்பு, நெய். இருபத்துநாலு மணி நேரம் ஆகாரமில்லாத நண்பருக்கு அந்த வாசனையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆயினும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? வீட்டுக்குப் பெரியவர் முதலில் விரதத்தை முடிக்கட்டும் என்று இலையைப் பார்த்தபடி காத்திருந்தார். பெரியவரோ, விருந்தாளி கை வைக்காமல் நாம் எப்படிக் கை வைப்பது என்று காத்திருந்தார். புது மருமகன் இருவரையும் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அம்மாள் கரண்டியோடு நின்றார்.

“சாப்பிடுங்க” என்றார் பெரியவர்.

“நீங்கள் முதலில் நோம்பை முடியுங்கள்” என்றார் நண்பர்.

“நோம்பி இன்னம் பதனெட்டு வரைக்கும் இருக்குதுங்களே” என்றார் பெரியவர்.

பதினெட்டு நாள் பட்டினி என்று கேட்டதும் நண்பரின் முகம் போன போக்கைப் பார்த்த மருமகன்தான் முடிச்சை அவிழ்த்தான். ஊர் ஊராகச் சுற்றியவனாதலால் சொற்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் வேஷம் மாறும் என்பது அவனுக்குப் பழக்கமான விஷயம். “இருங்க மாமா. ஏனுங்க, உங்க பக்கம் நோம்புன்னா சோறு திங்காம இருக்கறதுங்களா?” என்றான். ஆமாம் என்றார் நண்பர். “இங்க நோம்பின்னா பண்டியலுங்க. மாரியம்மன் நோம்பி, தீவாளி நோம்பி, அல்லாமே நோம்பிதான். நோம்பின்னாலே நல்லாத் திங்கற நாளு. அப்பறம், காத்தால இருந்து உக்காந்திருக்கீங்கன்னு அத்தை சொன்னாங்க. பொழுதோடன்னா சாயங்காலமுங்க.”

ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மாள், “ஐயோ சாமி, காத்தாலருந்து பசியோடவா உக்காந்திருந்தீங்க!” என்று அலறிவிட்டு, அடுத்த மூச்சில், “இவரும் உங்களால மத்தியானம் ஒண்ணும் திங்கலீங்க” என்று கணவரையும் காட்டிக்கொடுத்தார். பெரியவர் மீசை துடிக்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“அப்பறம் என்னுங்க! நீங்க எங்கூரு நோம்பிக்கி வந்தீங்க. நான் உங்கூரு நோம்பி இருந்துட்டேன்.”

அதற்கப்புறம் இலையில் விழுந்ததை நண்பர் எண்ணவில்லை. ஆனால் பசி அடங்கியதும் அவருக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரர் எழுந்துவிட்டார். பொழுது என்றால் என்னவென்று கேட்டார். பொழுது என்றால் சூரியன்தான் என்றார் பெரியவர். பொழுது கிளம்பிற்று என்றால் சூரியன் உதித்தது, பொழுது விழுந்தது என்றால் அஸ்தமித்தது. ஆகவே நண்பரின் தாயார் சொன்ன பொழுதோடும், பெரியவர் சொன்ன பொழுதோடவும் ஒரே சூரியனைப் பற்றிக்கொண்டு நிற்பவைதாம். தாயார் சூரியன் இருக்கும்போதே வரச் சொன்னார். இவர் சூரியன் இறங்குகிற வேளைக்கு வரச் சொன்னார். வித்தியாசம் இரண்டொரு நாழிகையில் அடங்கிவிடும். அதைக் காலை ஆறு மணிவரை இழுத்துக்கொண்டு போனது நண்பருடைய சொந்தக் கைங்கரியம்.

நோம்பி என்ற சொல் எப்படி இந்த அர்த்தத்துக்கு வந்தது என்பதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பண்டிதர்கள் ஏற்றாலும் சரி, தள்ளினாலும் சரி. அந்தப் பக்கத்து மாரியம்மன் பண்டிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பூச்சாட்டுவதில் தொடங்கி, கம்பம் நட்டு, காப்புக் கட்டிக்கொண்டு, பல நாள் கட்டுப்பாட்டோடு இருந்து, கடைசியில் பொங்கலும் கிடா வெட்டும் விருந்துமாக அது முடிகிறது. விரதமும் விருந்தும் ஒரே நிகழ்ச்சியின் இரு முனைகள். காவிரியின் கீழ்க்கோடியில் இருந்தவர்கள் அந்தச் சொல்லைப் பசித்த முனையில் பிடித்துக்கொண்டார்கள். மேலே இருந்தவர்கள் புசித்த முனையில் பிடித்துக்கொண்டார்கள். யார் புத்திசாலிகள் என்று நான் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. திருச்செங்கோட்டுக்காரரான எழுத்தாளர் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்திருக்கிறார். நாமக்கல் பஸ்ஸில் ஏறுமுன் நண்பர் அதைப் புரட்டியிருந்தால் காலைக் காபி தப்பியிருக்கும். நமக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

கைகழுவி வெற்றிலைத் தட்டு வந்தது. கொடிக்கால் வீட்டு வெற்றிலை. நரம்பு கிள்ளுவதற்குள் நாக்கில் காரம் ஏறிற்று என்கிறார் நண்பர். கும்பகோணத்துக்கு இது இளைத்ததல்ல என்பதை அவர் அன்று அங்கே ஒப்புக்கொள்ளவில்லை. என்னிடம் மட்டும் ரகசியமாக ஒப்புக்கொண்டார். கடைசி பஸ்ஸுக்கு எழுந்தவரிடம் பெரியவர், “ஆடிப் பதனெட்டுக்கும் கட்டாயம் வரோணும். ஆத்துல தண்ணி ரண்டு கரையும் தொட்டுட்டுப் போகும், பாக்கோணுமே! அன்னிக்கி நேரமே வந்துருங்க” என்றார்.

நண்பர் செருப்பைப் போட்டுக்கொண்டே நின்றார். “மணி சொல்லுங்கள்” என்றார்.

பெரியவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் அத்தையைப் பார்த்தான்.

“இன்னிக்கி வந்தீங்களே, ஆறு மணி,” என்றார் அம்மாள், “அதுதானுங்க நேரமே. ஆனா அன்னிக்கிக் கம்பஞ்சோத்த வேண்டாம்னு சொல்லப்படாது.”